எச்.ஆரிடமிருந்து ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று மெயில் வந்தால்: எக்ஸிட் இன்டர்வியூ கேள்வி பதில்

நோட்டீஸ் குடுத்து ஒன்றரை மாசம் ஆச்சுங்க. இப்ப எச்.ஆர்.ல இருந்து எக்ஸிட் இன்டர்வியூவுக்கு வாங்கன்னு ஒரு மெயில். ரொம்ப இனிமையா எழுதியிருக்காங்க, அதுதான் பயமா இருக்குதுங்க. எதுக்குங்க இது?

அந்த இனிமை உங்களுக்கென்று எழுதியது இல்லை, அதனால் பயப்பட வேண்டாம். ராஜினாமாவை ஏற்றுக் கடைசி வேலை நாளைக் கணினியில் பதிந்துவிட்டால், அந்த நாளுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் எல்லோருக்கும் இதே மெயில்தான் போகும். பெயரும் நேரமும் மட்டும் மாறும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“இத்தனை காலம் எங்களோடு உழைத்ததற்கு நன்றி. நீங்கள் விடைபெறும் முன் உங்களோடு 30 நிமிடம் பேச விரும்புகிறோம். இது வழக்கமான நடைமுறைதான். கலந்துகொள்வது உங்கள் விருப்பம். நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும். உங்கள் செட்டில்மென்ட்டையும் ரிலீவிங் லெட்டரையும் இது எந்த விதத்திலும் பாதிக்காது. மனம் திறந்து பேசுங்கள்.”

இதில் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் ‘விருப்பம்’, ‘ரகசியம்’, ‘பாதிக்காது’ என்ற மூன்று சொல்லும் எங்கே வரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை மெயில் சொல்வதில்லை. கீழே அதைத்தான் பார்க்கப்போகிறோம். பேச்சு காற்றில் நிற்காமல் இருக்க ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். மெர்ச்சண்டைசராக 6 வருடம் 7 மாதம் வேலை பார்த்த ஒரு பெண். நோட்டீஸ் 60 நாள். அவருடைய பிரிவில் மேனேஜரைத் தவிர மொத்தம் 4 பேர்.

ரகசியமா வெச்சுக்குவோம்னு போட்டிருக்குது. அப்ப நான் சொல்றது மேனேஜர் காதுக்குப் போகாதுங்களா?

உங்கள் பெயரோடு போகாது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். நீங்கள் சொன்ன விஷயமே போகாது என்று பொருள் இல்லை. போகவில்லை என்றால் அவர்கள் கேட்பதிலும் அர்த்தம் இல்லை.

அறைக்குள் நீங்கள் சொல்வது என்ன ஆகிறது என்று தெரிந்தால் இது புரியும். எச்.ஆர். முதலில் ஒரு படிவத்தில் குறிப்பு எடுப்பார். அது உங்கள் ஃபைலில் போய்ச் சேரும். பிறகு மென்பொருளில் ‘விலகலுக்கான காரணம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும்: அதிகச் சம்பளம், மேற்படிப்பு, திருமணம், ஊர் மாற்றம், குடும்பச் சூழல், மேலதிகாரியுடன் ஒத்துப்போகாமை என்று. அதில் ஒன்றைத் தட்டுவார். மாதக் கடைசியிலோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கையில் அந்தக் காரணங்களின் எண்ணிக்கையும், கீழே ‘பொதுவாகச் சொல்லப்பட்டவை’ என்று நாலைந்து வரியும் இருக்கும். உங்கள் அரைமணி நேரப் பேச்சில் மேலே போய்ச் சேருவது பெரும்பாலும் அந்த ஒரு தட்டலும் ஒரு வரியும்தான்.

சிக்கல் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஐ.டி. கம்பெனியில் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார். 4 பேர் இருக்கும் பிரிவில், அந்தக் காலாண்டில் ஒருவர்தான் விலகியிருக்கிறார் என்றால் பெயரை எடுத்தும் பயனில்லை. மேனேஜர் வரியைப் படித்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார். இதற்காகவே கவனமான நிறுவனங்கள் 5 பேருக்குக் குறைவான குழுவின் கருத்தைத் தனியாக எழுதாமல் பக்கத்துப் பிரிவோடு சேர்த்து எழுதும். உங்கள் நிறுவனம் அப்படிச் செய்கிறதா என்று கேட்கலாம், தப்பே இல்லை.

நம் மெர்ச்சண்டைசர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “ஆகஸ்ட்டில் அந்த ஜெர்மனி ஆர்டருக்குத் தேதி முடியாதுன்னு நான் சொன்னேன். மேனேஜர் கேக்காம பையர்கிட்ட ஒத்துக்கிட்டார்.” இது ஒருவரால் மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியம். இதையே, “டையிங் யூனிட்டைக் கேட்பதற்கு முன்பே பையரிடம் ஷிப்மென்ட் தேதியை ஒத்துக்கொள்கிறோம். அதனால் ரீ-டையிங் வந்தால் சமாளிக்க நாளே இருப்பதில்லை” என்று சொன்னால் அந்த 4 பேரில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். விஷயம் கொஞ்சமும் குறையவில்லை. சொல்லப்போனால், நிர்வாகம் சரிசெய்யக்கூடிய வடிவமும் இரண்டாவதுதான். முதல் வாக்கியத்தைப் படிக்கும் நிர்வாகி இரண்டு பேருக்குள் சண்டை என்று ஒதுக்கிவிடுவார்.

கலந்துக்கறது விருப்பம்னு போட்டிருக்குதே, போகாம இருந்துட்டா என்னங்க?

தனியார் வேலையில் எக்ஸிட் இன்டர்வியூவுக்குப் போயே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் நடைமுறையில் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும். வெளியேறும்போது ‘நோ டியூஸ்’ படிவம் ஒன்று தருவார்கள். ஸ்டோர்ஸ், அக்கவுன்ட்ஸ், சிஸ்டம்ஸ், கேன்டீன் என்று ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். பல கம்பெனிகளில் அதே படிவத்தின் கடைசி வரி ‘எக்ஸிட் இன்டர்வியூ முடிந்தது’ என்று இருக்கும். மெயில் எழுதியவர் ஒருவர், படிவம் தயாரித்தவர் வேறொருவர். மெயிலில் விருப்பம், படிவத்தில் கட்டாயம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அக்கவுன்ட்ஸில் ஃபைல் நகராது. யாரும் உங்களைப் பழிவாங்கவில்லை, மென்பொருள்தான் நிற்கிறது.

போக விருப்பமில்லை என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். மெயிலுக்கு இரண்டு வரி பதில் எழுதுங்கள்: “அழைப்புக்கு நன்றி. நான் நேர்காணலில் கலந்துகொள்ளவில்லை. நோ டியூஸ் படிவத்தில் ‘விருப்பமில்லை’ என்று பதிந்து, மீதி வேலைகளை முடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.” எழுத்தில் இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்ப எச்.ஆருக்கும் ஒரு ஆதாரம் கிடைக்கும்.

நடுவழியும் ஒன்று உண்டு. நேரில் பேசாமல் படிவத்தை மட்டும் வாங்கி எழுதிக் கொடுப்பது. பேசினால் கோபத்திலோ அழுகையிலோ ஏதாவது வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் நல்லது. எழுதும்போது எந்த வாக்கியம் போக வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

உண்மையைச் சொன்னா செட்டில்மென்ட்டை இழுத்தடிப்பாங்களோன்னு கவலையா இருக்குதுங்க.

‘பாதிக்காது’ என்ற வார்த்தையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டப்படி வர வேண்டிய பணம் ஒரு பக்கம். நிறுவனம் மனம் வைத்துத் தருவது இன்னொரு பக்கம்.

முதல் பக்கத்தில் அவர்களால் நிபந்தனை வைக்கவே முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சம்பளப் பாக்கியை 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். ‘எங்கள் வழக்கம் 45 நாள்’ என்று சொல்லும் கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன. அது வழக்கம்தான், சட்டம் இல்லை.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, 30 நாளுக்குள் தர வேண்டும். நிரந்தர வேலையில் 5 வருடத் தொடர் பணி முடித்தவர்களுக்கு அது உரிமை. நம் உதாரணத்தில் கணக்கெடுக்க வேண்டிய மாதச் சம்பளம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 1,000. வருடத்துக்கு 15 நாள் என்றால் 15,000. அவர் முடித்தது 6 வருடம் 7 மாதம். 6 மாதத்தைத் தாண்டிய மிச்சத்தை முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் 7 வருடம். ஆக 1,05,000 ரூபாய். அறைக்குள் அவர் என்ன சொன்னாலும் இதில் ஒரு ரூபாய் குறையாது. செட்டில்மென்ட் தாளில் 6 வருடம் என்று போட்டு 90,000 வந்திருந்தால், அது பெரும்பாலும் பழிவாங்கல் இல்லை, கணக்குப் பிழை. நேர்காணலை நினைத்துக் குழம்பாமல் தாளைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். கேட்டும் தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

இரண்டாவது பக்கம் வேறு. உற்பத்தி இன்சென்டிவ், நோட்டீஸில் பத்து நாள் குறைத்துக்கொள்ள அனுமதி, ‘மீண்டும் வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று ஃபைலில் போடும் குறிப்பு, அடுத்த கம்பெனி கேட்டால் சொல்லும் நாலு நல்ல வார்த்தை. இதெல்லாம் அவர்கள் மனசைப் பொறுத்தது. எனவே நோட்டீஸ் குறைப்பு கேட்டிருந்தால், அது எழுத்தில் வந்த பிறகு நேர்காணலுக்கு நாள் வாங்குங்கள். வரிசை மாறினால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு வருவீர்கள்.

எந்தக் கம்பெனிக்குப் போறேன்னு கேப்பாங்களா? சொல்லோணுமா?

கேட்பார்கள். மூன்றாவது நான்காவது கேள்வியாக, போகிற போக்கில் வரும். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லாதவரை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. “இன்னும் சேர்ந்தாகலைங்க, சேர்ந்த பிறகு நானே சொல்றேன்” என்றால் போதும். பொய் மட்டும் வேண்டாம். திருப்பூரில் அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோட்டுக்கு மாறினாலும் அதே டையிங் யூனிட், அதே பிரின்டிங் யூனிட், அதே ஃபார்வர்டிங் ஏஜென்ட். புதுக் கம்பெனியில் சேர்ந்த வாரமே நூல் கொண்டுவரும் டிரைவர் மூலமாகக்கூடச் சேதி பழைய இடத்துக்குப் போய்விடும். கல்யாண மண்டபத்தில் இரண்டு முதலாளிகளும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரும் ஊர் இது.

ஒப்பந்தத்தில் ‘விலகிய பின் இரண்டு வருடம் இதே தொழிலில் சேரக்கூடாது’ என்று இருந்தால் அதை நினைத்தும் சிலர் மறைக்கிறார்கள். வேலையை விட்ட பிறகும் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் ரகசியம் காக்கும் நிபந்தனை செல்லும். காஸ்டிங் ஷீட்டையும் பையர் தொடர்புப் பட்டியலையும் பென்டிரைவில் எடுத்துப்போனால் 27-ஆம் பிரிவு காப்பாற்றாது. எச்.ஆர். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உண்மையான காரணமும் பெரும்பாலும் இதுதான்.

ராஜினாமா லெட்டர்ல ‘சொந்தக் காரணம்’னு எழுதிட்டேன். ஆனா நிஜக் காரணம் மேனேஜர்தானுங்க. இப்பப் போயி மாத்திச் சொன்னா தப்பாயிருமா?

ஆகாது. ‘சொந்தக் காரணம்’ என்பது ராஜினாமாக் கடிதத்துக்கென்றே இருக்கும் நாகரிகமான மூடி. எச்.ஆரும் அதை நம்புவதில்லை. அதனால்தான் மறுபடி கேட்கிறார்.

ஆனால் இரண்டுக்கும் எடை ஒன்றில்லை. கடிதம் உங்கள் கைப்பட எழுதியது. நேர்காணல் குறிப்பு அவர்கள் எழுதியது. நாளைக்கு ஏதாவது தகராறு வந்து, “என்னை நெருக்கித்தான் விலக வைத்தார்கள்” என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால், முதலில் எடுத்து வைக்கப்படுவது அந்தக் கடிதம்தான். அப்படி ஒரு எண்ணம் துளி இருந்தாலும் எக்ஸிட் இன்டர்வியூவில் சொல்லிவிட்டால் பதிவாகிவிடும் என்று இருக்காதீர்கள். தனியாக ஒரு கடிதமோ மெயிலோ எழுதுங்கள்.

அந்த எண்ணம் இல்லை, இங்கே நடப்பது தெரியட்டும் என்றுதான் சொல்கிறீர்கள் என்றால், சொல்லும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. “மேனேஜர் சரியில்லைங்க” என்ற வாக்கியத்தோடு எச்.ஆரால் எதுவும் செய்ய முடியாது. தட்டுவதற்குப் பட்டியலில் ஒரு பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். என்ன நடந்தது, எத்தனை தடவை, அதனால் என்ன ஆயிற்று என்று மூன்றும் சேர்ந்தால்தான் அது குறிப்பில் ஏறும். “கடைசி மூன்று மாதத்தில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள், அதையும் முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம்தான் சொன்னார்கள். மாற்று விடுப்பு ஒன்றுதான் கிடைத்தது.” இதில் மேனேஜரின் பெயரே இல்லை, குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் எச்.ஆரே சரிபார்த்துக்கொள்ளலாம். சரிபார்க்க முடிந்த விஷயம்தான் மேலே போகும்.

எழுந்து வரும் முன் ஒன்று கேளுங்கள்: “என் காரணம்னு எதை மேடம் பதியறீங்க?” இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கல்யாணம் ஆன பெண் என்றால் கேட்காமலேயே ‘குடும்பச் சூழல்’ என்று தட்டிவிடுவது நடக்கிறது. வருடக் கடைசியில் அறிக்கையைப் பார்க்கும் முதலாளி, “நம்ம கம்பெனியில பிரச்சினை ஒண்ணுமில்லை, பொம்பளைப் புள்ளைங்க கல்யாணம் ஆனா நின்னுக்கறாங்க” என்று முடிவு கட்டுவது அப்படித்தான்.

தொந்தரவு நடந்திருக்குதுங்க, பாலியல் ரீதியா. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. எக்ஸிட் இன்டர்வியூல சொன்னா போதுமா?

போதாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மெயிலின் இதமான வார்த்தைகளை நம்பி நின்றுவிடக் கூடாது.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார் என்பது உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுப்பது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். அதற்குக் குறைவான பட்டறை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். கடைசியாக அது நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். நோட்டீஸே 60 நாள் என்றால், ராஜினாமாவுக்கு முன்பு நடந்ததற்கு அந்த 3 மாதத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ஓடியிருக்கும். எச்.ஆரிடம் அறைக்குள் சொன்னது அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது.

எழுதிக் கொடுக்க முடியாத நிலையில் இருந்தால், எழுதுவதற்கு உதவ வேண்டியது குழுவின் கடமை. வேலையை விட்டுவிட்டேனே என்ற தயக்கமும் வேண்டாம். அங்கே வேலையில் இருந்தபோது நடந்ததற்கு, விலகிய பிறகும் அந்தக் கெடுவுக்குள் புகார் கொடுக்கலாம். புகாராகப் போனால் பெயரும் விவரமும் வெளியே போகக் கூடாது என்பது சட்டமே போட்ட கட்டு. எக்ஸிட் இன்டர்வியூவில் ‘ரகசியம்’ என்பது கம்பெனி சொன்ன வார்த்தை மட்டும்.

எச்.ஆர். பக்கத்திலும் ஒன்று. இப்படி ஒன்று காதில் விழுந்தால், “ரகசியம்னு சொல்லிட்டோமே” என்று மூடி வைப்பது சரியாகாது. குழு எங்கே இருக்கிறது, உறுப்பினர் யார், கெடு எப்போது என்று அந்த இடத்திலேயே சொல்லி, எழுத உதவ வேண்டும்.

பேசி முடிச்சதும் ஒரு தாள்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமுங்களா?

எந்தத் தாள் என்று பாருங்கள். இரண்டு விதமான தாள் ஒன்றாகவே வரும்.

ஒன்று நேர்காணல் குறிப்பு. நீங்கள் சொன்னதுதான் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துப் போடலாம். காலியாக இருக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ‘நான் மனநிறைவோடு விலகுகிறேன்’ என்று அச்சடித்தே இருந்தால், அது உண்மை இல்லை என்றால், அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள்.

இன்னொன்று, ‘எனக்கு வர வேண்டியது அனைத்தும் வந்துவிட்டது, இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற உறுதிமொழி. பணம் வங்கிக் கணக்கில் ஏறும் முன் இதில் கையெழுத்து வேண்டாம். “செட்டில்மென்ட் வந்ததும் போட்டுத் தர்றனுங்க” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விடாமல் கேட்டால், ‘பணம் கிடைத்தபின் செல்லும்’ என்று கையெழுத்துக்கு மேலே எழுதித் தேதி போடுங்கள். எதில் போட்டாலும் செல்போனில் ஒரு படம் எடுக்க அனுமதி கேளுங்கள், அல்லது நகல் வாங்குங்கள்.

எங்களது சின்ன கம்பெனிங்க. எச்.ஆர். இல்லை, மொதலாளியே உக்காந்து பேசறேன்னு சொல்றார்.

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் 40, 50 பேர் வேலை செய்யும் பம்ப் கம்பெனிகளில் இதுதான் நடக்கும். இதை எக்ஸிட் இன்டர்வியூ என்று நினைத்துப் போனால் தடுமாறுவீர்கள். பாதிக்கு மேல் அது நிறுத்திப் பார்க்கும் பேச்சு. “என்ன கண்ணு, நம்ம கம்பெனியில என்ன கொறை? அங்க எவ்வளவு தர்றாங்க?” என்றுதான் ஆரம்பிக்கும்.

போகும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: சம்பளம் ஏற்றினால் நிற்பீர்களா, மாட்டீர்களா. மாட்டீர்கள் என்றால் சம்பளத்தைக் காரணமாகச் சொல்லவே சொல்லாதீர்கள். சொன்னால் அவர் ஏற்றித் தருவதாகச் சொல்வார், பிறகு மறுப்பதற்குக் காரணம் இருக்காது. நிற்பீர்கள் என்றால், புதிய சம்பளம் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து, ராஜினாமா வாபஸ் ஏற்கப்பட்டது என்ற மூன்றும் எழுத்தில் வந்த பிறகே புது இடத்துக்கு ‘வரவில்லை’ என்று சொல்லுங்கள். வாய்ச்சொல்லில் நின்றுவிட்டு, அடுத்த சம்பளத்தில் பழைய தொகையே வந்து, புது இடமும் கைவிட்டுப் போனதுதான் இதில் அடிக்கடி நடக்கும் விபத்து.

இங்கே ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்பவரும் முடிவெடுப்பவரும் ஒருவரே. அவருடைய தம்பியோ மருமகனோதான் உங்கள் மேலாளர் என்றால், வேலை முறையைப் பற்றிப் பேசிவிட்டு ஆளைப் பற்றிப் பேசாமல் வருவது நல்லது.

நான் ஒரு ஸ்பின்னிங் மில்லுல எச்.ஆருங்க. இந்த மெயிலை நாங்கதான் அனுப்பறோம். யாரும் உண்மையைச் சொல்றதே இல்லை, எல்லாரும் ‘நல்ல கம்பெனி, சொந்தக் காரணம்’ன்னுட்டுப் போயிடறாங்க. எப்படி எழுதினா சரியா இருக்கும்?

இதத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். ‘பயப்பட வேண்டாம்’ என்று மூன்று தடவை படித்தவர் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பார். யார் கேட்பார், யார் படிப்பார், எது எழுதப்படும், எது ரகசியமாக வைக்க முடியாது என்று தெரிந்தால்தான் எதைச் சொல்லலாம் என்று அவரால் முடிவு செய்ய முடியும். இப்படி எழுதலாம்:

“உங்கள் கடைசி வேலை நாள் 28-ஆம் தேதி. அதற்கு முன், 22-ஆம் தேதி மாலை 4 மணிக்கு, பயிற்சி அறையில் உங்களோடு அரைமணி நேரம் பேச விரும்புகிறோம். நான் மட்டும் இருப்பேன். உங்கள் மேலாளருக்கு அழைப்பு இல்லை. நான் குறிப்பு எடுப்பேன். முடிந்ததும் நீங்கள் படித்துப் பார்க்கலாம், வேண்டாததை நீக்கச் சொல்லலாம். குறிப்பை நானும் பொது மேலாளரும் பார்ப்போம். மற்றவர்களுக்குப் போவது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எல்லாப் பிரிவையும் சேர்த்துப் பெயரில்லாமல் எழுதும் அறிக்கை மட்டும். பாலியல் தொந்தரவு, விபத்து ஆபத்து, பண மோசடி இவற்றைப் பற்றிச் சொன்னால் நான் நடவடிக்கைக்கு அனுப்பியாக வேண்டும். அதை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. வர விருப்பமில்லை என்றால் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை பதில் போதும். நோ டியூஸ் படிவத்தில் நானே கையெழுத்திட்டுவிடுவேன். செட்டில்மென்ட் தொகை எவ்வளவு என்ற தாள் இத்துடன் இருக்கிறது.”

கடைசி வரிதான் முக்கியம். ‘செட்டில்மென்ட்டைப் பாதிக்காது’ என்று சத்தியம் செய்வதைவிட, கணக்கைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். தொகையைத் தெரிந்துகொண்டு உட்காரும் ஆள் பேசுவதற்கும் தெரியாமல் உட்காரும் ஆள் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

நாளும் பாருங்கள். கடைசி நாளில் வைத்தால் ஐ.டி. கார்டை ஒப்படைக்கும் அவசரத்தில் எதையோ சொல்லிவிட்டுப் போவார்கள். நோட்டீஸின் முதல் வாரத்தில் வைத்தால் இன்னும் அதே மேலாளரிடம் ஐம்பது நாள் வேலை பார்க்க வேண்டியவர், வாயே திறக்க மாட்டார். கடைசி வாரத்தின் தொடக்கம் சரி. மில்லில் ஷிப்டு ஆட்கள் என்றால் ஷிப்டு முடிந்த பிறகு வைக்காமல் ஷிப்டு நேரத்துக்குள்ளேயே வையுங்கள். இரவு ஷிப்டு முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பவரிடம் மனம் திறக்கச் சொல்வது நியாயமில்லை.

படிவம் தமிழில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆங்கிலப் படிவத்தில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னால் எல்லாவற்றுக்கும் 4 போட்டுவிட்டுப் போவார்கள்.

கடைசி நாளைக்கு அப்புறம் அந்த மெயிலையும் நான் எழுதின பதிலையும் பாக்க முடியுமுங்களா?

முடியாது. பெரும்பாலும் கடைசி நாள் சாயங்காலமே கம்பெனி மெயில் கணக்கை மூடிவிடுவார்கள். ஆனால் கம்பெனி மெயில்களை மொத்தமாக உங்கள் சொந்த மெயிலுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதுவே விதிமீறலாகக் கணக்கில் வந்துவிடும். “செட்டில்மென்ட், ரிலீவிங், எக்ஸிட் இன்டர்வியூ பற்றிய மெயில்களை இனி என் சொந்த முகவரிக்கு அனுப்பவும்” என்று எச்.ஆருக்கு எழுதி, அழைப்பு மெயிலையும் அந்த முகவரிக்கு ஒரு தடவை அனுப்பச் சொல்லுங்கள். இதைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே செய்துவிட்டால், அனுப்பாமல் விட்டாலும் நேரில் போய் ஒரு பிரின்ட் வாங்கிக்கொள்ள நேரம் இருக்கும்.